ஐ.எஸ்.எல். கணிப்பு மாடல்: ஃபார்ம் கணக்குக்கு எத்தனை ஆட்டம், எவ்வளவு எடை?

கோரமங்களா கதிர்

எல்லோருக்கும் வணக்கம். ஐ.எஸ்.எல். கால்பந்து ஆட்டங்களுக்கு வெற்றி, டிரா, தோல்வி ஆகிய மூன்று முடிவுகளின் வாய்ப்பைக் கணிக்கும் மாடல் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு வரிகள், அதாவது அணிக்கு ஒரு வரி என்ற கணக்கில் டேட்டாவை அமைத்திருக்கிறேன். அணியின் அண்மைக்கால ஃபார்மைக் காட்டக் கடந்த ஆட்டங்களின் கோல் வித்தியாசச் சராசரியைப் பயன்படுத்துகிறேன்.

```python
df["form5"] = df.groupby("team")["gd"].transform(
    lambda s: s.shift(1).rolling(5).mean())
```

விண்டோவின் நீளத்தை, அதாவது சராசரிக்கு எடுக்கும் ஆட்டங்களின் எண்ணிக்கையை, 3, 5, 8, 10, 15 என்று மாற்றியும், எடையைச் சமமாகவும், நேர்கோட்டில் குறைவதாகவும், அரை ஆயுள் வைத்து, அதாவது குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்டங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதாகவும் மாற்றியும் பார்த்தேன். வரிகளைக் கலைத்து ஐந்து பங்காகப் பிரித்துச் சோதித்ததில், ஐந்து ஆட்ட விண்டோவும் அதற்குள் மூன்று ஆட்ட அரை ஆயுளும் சேர்ந்ததுதான் முதலிடம் பிடித்தது. ஆனால் மாடல் பார்த்திராத ஒரு சீசனில் அதையே ஓட்டியபோது, புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்துக் கணிக்கும் எளிய மாடலைவிடப் பின்தங்கியது. விண்டோவையும் எடையையும் எந்த அடிப்படையில் தேர்ந்தெடுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேற்கு மாடத்து ரமேஷ்

உங்கள் தேர்வு சரியென்றே நினைக்கிறேன். 2022-23 சீசனில் பெங்களூரு எஃப்.சி. ஆடியதை நினைத்துப் பாருங்கள். முதல் பாதியில் தோல்விமேல் தோல்வியாக இருந்த அணி, லீக்கின் கடைசி எட்டு ஆட்டங்களையும் வரிசையாக வென்று, நான்காம் இடம் பிடித்து, இறுதிப் போட்டி வரை போனது. அந்த ஆட்டங்களைக் கந்தீரவாவில் நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: சில வாரங்களுக்குள் அது வேறு அணியாகிவிட்டது. பதினைந்து ஆட்டச் சராசரி எடுத்திருந்தால் ஆறாவது வெற்றி வந்த பிறகும் பழைய தோல்விகளைச் சுமந்துகொண்டு, அந்த அணியைச் சுமாரான அணி என்றே காட்டியிருக்கும். விண்டோ குறுகியதாக இருந்தால்தான் மாற்றம் உடனே கண்ணில் படும்.

அல்சூர் முருகேசன்

நீண்ட விண்டோ மாற்றத்தைத் தாமதமாகவே காட்டும் என்று ரமேஷ் சொல்வதில் பிழையில்லை. ஆனால் குறுகிய விண்டோ வேறொரு விலையைக் கேட்கிறது; அந்த விலை எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு ஆட்டத்துக்கு இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக 2.7 கோல் அடிக்கும் லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கோல்கள் பாய்சான் முறைப்படி விழுகின்றன என்று கொண்டால், அணிகளின் பலம் சிறிதும் மாறாவிட்டாலும் கோல் வித்தியாசத்தின் மாறுபாட்டெண் அதே 2.7 ஆக இருக்கும்; திட்ட விலக்கம் சுமார் 1.64 கோல். இது முழுவதும் அதிர்ஷ்டத்தின் பங்கு. கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தும், கொடுக்காமல் விட்ட பெனால்டியும் இதில் அடக்கம். அணிகளுக்கு இடையிலான உண்மையான பலத்தின் வேறுபாடு இதைவிட மிகச் சிறியது. கணக்குக்காக அதன் திட்ட விலக்கத்தை 0.67 கோல் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது கதிர் தேர்ந்தெடுத்த விண்டோவைப் பாருங்கள். ஐந்து ஆட்டம், மூன்று ஆட்ட அரை ஆயுள் என்றால் எடைகள் 1, 0.79, 0.63, 0.50, 0.40 என்று இறங்கும். எடைகளின் கூட்டுத்தொகையை இருமடி செய்து, அதை எடைகளின் இருமடிகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 4.5 வருகிறது. அதாவது அந்தச் சராசரியில் நாலரை ஆட்டத்துக்கு உரிய தகவல்தான் இருக்கிறது, அதன் சத்தம், அதாவது அதிர்ஷ்டத்தால் வரும் அலைவு, 1.64ஐ 4.5இன் வர்க்கமூலத்தால் வகுக்க வரும் 0.77 கோல். அணிகளின் உண்மையான பலத்தில் உள்ள 0.67 கோல் திட்ட விலக்கத்தைவிட உங்கள் ஃபீச்சரில் உள்ள சத்தம் பெரியது. மாடல் எதைக் கற்றுக்கொள்ளும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்தும் கேட்கலாம். குறிப்பிட்ட அரை ஆயுள் ஒன்றுதான் மிகச் சிறந்தது என்று சொல்லும்போது, அணியின் உண்மையான பலம் ஓர் ஆட்டத்திலிருந்து அடுத்த ஆட்டத்துக்குள் எவ்வளவு நகர்கிறது என்பதைப் பற்றியும் நாம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பலம் ஆட்டத்துக்கு ஆட்டம் தற்செயலாகச் சற்று ஏறி இறங்குகிறது என்று கொண்டால், புதிய ஆட்டத்துக்குத் தர வேண்டிய எடை `a` என்பதற்கும் அந்த நகர்வின் மாறுபாட்டெண் `q` என்பதற்கும் உள்ள உறவு இது:

```
a^2 / (1 - a) = q / 2.7
```

அரை ஆயுள் மூன்று ஆட்டம் என்றால் `a` 0.206, `q` 0.145, அதாவது அணியின் பலம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 0.38 கோல் அளவு நகர வேண்டும். ஐந்து ஆட்டங்களில் அந்த நகர்வு 0.85 கோல் ஆகிவிடும். லீக்கில் அணிகளின் பலத்தின் திட்ட விலக்கமே 0.67 என்னும்போது, ஒரு மாதத்தில் நடுவில் இருக்கும் அணி முன்வரிசைக்கோ கடைசி வரிசைக்கோ போவது வாடிக்கை என்று சொல்வதற்கு இது சமம். எந்தக் கால்பந்து லீக்கும் அப்படி நடப்பதில்லை. நகர்வு ஆட்டத்துக்கு 0.1 கோல் என்று வைத்தால், அதுவே தாராளமான எண்தான், அரை ஆயுள் சுமார் 11 ஆட்டம் என்று வரும்.

அரை ஆயுளை 11 ஆட்டமாக வைத்தாலும் கடைசி எட்டு ஆட்டங்களுக்கு மொத்த எடையில் 40 சதவீதம் போய்ச் சேருகிறது. ரமேஷ் சொல்லும் எட்டு வெற்றிகளை இந்த மாடல் கவனிக்காமல் விடாது. அவற்றை மட்டுமே நம்பாது, அவ்வளவுதான். மூன்று ஆட்ட அரை ஆயுளில் அந்தப் பங்கு 84 சதவீதம்.

இங்கிலாந்து லீக் ஆட்டங்களை வைத்து 1997இல் டிக்சன், கோல்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வில், அரை வாரத்துக்கு 0.0065 என்ற தேய்மான வீதமே எதிர்கால ஆட்டங்களை நன்றாகக் கணித்தது. அது ஓராண்டைச் சற்றுத் தாண்டிய அரை ஆயுள். அணிகளில் ஆட்கள் அதிகம் மாறும் ஐ.எஸ்.எல்லுக்கு அவ்வளவு நீளம் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் ஐந்து ஆட்டத்துக்கும் ஓராண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தேடலைத் தொடங்குவது நல்லது.

ராஜாஜிநகர் சுதா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இதையே ஐ.பி.எல். ஆட்டங்களுக்குச் செய்கிறேன். அணியின் கடைசி 20 ஆட்டங்களின் ரன் விகித வேறுபாட்டைச் சராசரி எடுக்கிறேன். முருகேசன் ஐயா சொல்வதைப் பார்த்தால் விண்டோ நீளமாக இருப்பதே நல்லது என்று புரிகிறது. அப்படியானால் அதை 30 ஆட்டமாக நீட்டிவிடலாமா?

அல்சூர் முருகேசன்

வேண்டாம் அம்மா. நான் சொன்னது, பலம் மெதுவாக நகரும் இடத்துக்குப் பொருந்தும் கணக்கு. ஐ.பி.எல்லில் ஓர் அணிக்கு லீக் சுற்றில் 14 ஆட்டங்கள்தான். 20 என்று வைத்தாலே முந்தைய சீசனுக்குள் போய்விடுகிறீர்கள். 2022, 2025 சீசன்களுக்கு முன் நடந்த மெகா ஏலங்களில் அணிகள் ஏறக்குறைய கலைத்துக் கட்டப்பட்டன. ஏலத்துக்கு முந்தைய ஆட்டங்கள் அதே பெயரைத் தாங்கிய வேறொரு அணியின் ஆட்டங்கள். அங்கே ஃபார்மை அணிக்குக் கணக்கிடாமல், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் கணக்கிட்டு, அன்று களமிறங்கும் பதினொருவருக்குக் கூட்டிக்கொள்வதே பொருத்தம். ஆட்டக்காரர் எந்த அணிக்குப் போனாலும் அவருடைய வரலாறு அவருடனே போகும். இதைத் தனி இழையில் பேசலாம்.

கோரமங்களா கதிர்

விளக்கத்துக்கு நன்றி, ஐயா. ஆட்டங்களை எண்ணுவதைவிட நாள்களை எண்ணுவது மேல் என்று எண்ணி, பாண்டாஸில் உள்ள `ewm` வழியாக 120 நாள் அரை ஆயுள் வைத்துப் பார்த்தேன். நீண்ட இடைவேளைக்குப் பிறகு பழைய ஆட்டங்கள் தாமாகவே எடை இழக்கும் என்பது என் எதிர்பார்ப்பு. ஆனால் 2023-24 சீசனின் முதல் ஆட்டத்தில், செப்டம்பர் 21 அன்று கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை எதிர்கொண்ட பெங்களூருவின் ஃபார்ம், மார்ச் 18 இறுதிப் போட்டி முடிந்த அன்று இருந்த அதே உயரத்தில் நிற்கிறது. ஆறு மாதம் கடந்தும் அது சிறிதும் இறங்காதது ஏன் என்று விளங்கவில்லை.

அல்சூர் முருகேசன்

மிக நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். பலருடைய மாடல் சீசன் தொடக்கத்தில் தடுமாறுவதற்கு இதுவே காரணம் என்பேன்.

எடையிட்ட சராசரி என்பது எடைகளின் விகிதத்தை மட்டுமே பார்க்கிறது. இடைவேளையில் 187 நாள்கள் கழியும்போது எல்லாப் பழைய ஆட்டங்களின் எடையும் ஒரே அளவில், 0.34 மடங்காகக் குறைகிறது. மேலேயும் கீழேயும் அதே 0.34 இருப்பதால் அது அடிபட்டுப் போகிறது. சராசரி அப்படியே நிற்கிறது. சராசரி எவ்வளவு என்பது மாறவில்லை, அதை எவ்வளவு நம்பலாம் என்பதே மாறியிருக்கிறது. அந்த நம்பிக்கையை எடைகளின் கூட்டுத்தொகையில் மட்டுமே காண முடியும். `ewm().mean()` அதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சராசரியை மட்டும் கையில் தருகிறது.

ஆகவே ஒவ்வோர் அணிக்கும் `k` எண்ணிக்கையிலான கற்பனை ஆட்டங்களைச் சராசரி முடிவோடு சேர்த்துவிடுங்கள். `k` என்ன என்பது முன்பு பார்த்த இரு எண்களிலிருந்தே வருகிறது: சத்தத்தின் மாறுபாட்டெண் 2.7ஐ அணிகளின் பலத்தில் உள்ள வேறுபாட்டின் மாறுபாட்டெண் 0.45ஆல் வகுத்தால் 6.

```python
def form(g, half=120, k=6, prior=0.0):
    d, x = g["date"].values, g["gd_adj"].values
    out = []
    for i in range(len(g)):
        age = (d[i] - d[:i]) / np.timedelta64(1, "D")
        w = 0.5 ** (age / half)
        out.append((w @ x[:i] + k * prior) / (w.sum() + k))
    return pd.Series(out, index=g.index)
```

வரிகளைத் தேதிவாரியாக அடுக்கிய பிறகு, ஒவ்வோர் அணிக்கும் தனித்தனியே இதை ஓட்ட வேண்டும். எடை கணிக்க வேண்டிய ஆட்டத்தின் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. அந்த ஆட்டத்தின் முடிவு கணக்குக்குள் வருவதில்லை.

பெங்களூருவுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 2022-23இல் லீக்கில் 20, அதன் பின் 4 என 24 ஆட்டங்கள். வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்று எளிமையாக்கிக்கொண்டு, அதற்கு முந்தைய சீசன்களை விட்டுவிட்டால், இறுதிப் போட்டி நாளில் எடைகளின் கூட்டுத்தொகை சுமார் 15.7. அப்போது அணியின் சராசரிக்குக் கிடைக்கும் நம்பிக்கை 15.7ஐ 21.7ஆல் வகுக்க வரும் 0.72. செப்டம்பர் 21 அன்று கூட்டுத்தொகை 5.3 ஆகத் தேய்ந்திருக்கும்; நம்பிக்கை 0.47. ஃபார்ம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நடுவை நோக்கித் தானாகவே இறங்கிவிடுகிறது. அந்த ஆட்டத்தில் பெங்களூரு 1-2 என்று தோற்றது என்பதை நான் ஆதாரமாகக் காட்ட மாட்டேன், ஓர் ஆட்டம் எதையும் நிரூபிக்காது. அந்தச் சீசனை 12 அணிகளில் 10ஆம் இடத்தில் முடித்தது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

`gd_adj` என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். எதிரணியின் பலத்தையும் சொந்த மைதான அனுகூலத்தையும் கழித்த பிறகு கிடைக்கும் கோல் வித்தியாசம் அது. கழிக்காமல் விட்டால் ஐந்து ஆட்டச் சராசரி என்பது பெரும்பாலும் யாருடன் மோதினார்கள் என்ற அட்டவணையின் கதையாகவே இருக்கும். 2020-21, 2021-22 சீசன்கள் முழுவதும் கோவாவில், 2022 இறுதிப் போட்டியைத் தவிர ரசிகர்கள் இல்லாமல் நடந்தவை. அவற்றில் சொந்த மைதானம் என்று எழுதியிருக்கும் பத்தியை நம்பிக் கழித்துவிடாதீர்கள்.

ஜெயநகர் மீனாட்சி

கதிர், உங்கள் முதல் பதிவில் எனக்கு நெருடிய ஒன்றை இதுவரை யாரும் கேட்கவில்லை. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு வரிகள் என்றீர்கள். வரிகளைக் கலைத்து ஐந்து பங்காகப் பிரித்தேன் என்றும் சொன்னீர்கள். அப்படியானால் ஓர் ஆட்டத்தில் பெங்களூருவின் வரி பயிற்சியிலும், அதே ஆட்டத்தில் கோவாவின் வரி சோதனையிலும் விழுந்திருக்கும். ஒரு வரியில் வெற்றி என்றால் மற்றதில் தோல்வி. விடைத்தாளின் பாதியை மாடல் முன்பே பார்த்துவிடுகிறது. சத்தம் மிகுந்த குறுகிய விண்டோ ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்த எண்ணைத் தருவதால், மரவகை மாடல் அந்த ஆட்டத்தை அடையாளம் கண்டுகொள்ள அது வசதியாகிவிடும். ஐந்து ஆட்ட விண்டோ முதலிடம் பிடித்ததற்கு ஃபார்மைவிட இதுவே காரணமாக இருக்கலாம். சோதிப்பது எளிது: `match_id` வைத்து இரு வரிகளும் ஒரே பங்கில் விழுமாறு பிரித்துப் பாருங்கள். கணிப்புப் பிழையை அளக்கும் லாக் லாஸ் சட்டென்று மோசமானால் கசிவு உறுதி.

அதன் பிறகு பங்கு பிரிப்பதையே விட்டுவிட்டு, காலவரிசையில் முன்னோக்கி மட்டும் சோதியுங்கள். 2021-22 வரை பயிற்சி, 2022-23 சோதனை. பிறகு ஒரு சீசன் தள்ளி மீண்டும். 2022-23 முதல் 2024-25 வரை லீக் சுற்றில் 110, 132, 156 என மொத்தம் 398 ஆட்டங்கள்தான் கிடைக்கும். இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் இரண்டு அரை ஆயுள்களின் சராசரி லாக் லாஸை மட்டும் ஒப்பிட்டு எது சிறந்தது என்று சொல்லிவிடக் கூடாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு அமைப்புகளின் லாக் லாஸ் வித்தியாசத்தை எடுத்து, அந்த 398 வித்தியாசங்களின் திட்டப் பிழையையும் கணக்கிடுங்கள். சராசரி வித்தியாசம் திட்டப் பிழையின் இரு மடங்கைக்கூடத் தாண்டவில்லை என்றால், இரண்டும் ஒன்றே என்று கொண்டு நீளமானதை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமானது ஏன் என்றால், அது வாரத்துக்கு வாரம் குதிக்காது.

மேற்கு மாடத்து ரமேஷ்

கணக்கை ஏற்கிறேன். ஆனால் நாள்கள் கழிவதால் மட்டும் அணி மாறுவதில்லையே. 2023-24க்கு முன் ராய் கிருஷ்ணா ஒடிஷாவுக்குப் போனார், ஜிங்கன் கோவாவுக்குப் போனார். அதை 187 நாள்கள் என்ற எண் எப்படிச் சொல்லும்? பயிற்சியாளர் மாறும்போதும் பழைய ஆட்டங்களின் எடையை வெட்ட வேண்டும் என்பேன்.

அல்சூர் முருகேசன்

ஆட்கள் போவதை நாள் கணக்கு சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன். சென்ற சீசனில் ஆடிய நிமிடங்களில் எத்தனை சதவீதம் இப்போதைய அணியில் இருப்பவர்களுடையது என்று கணக்கிட்டு, சீசன் தொடக்கத்தில் பழைய எடைகளை அந்தப் பங்கால் பெருக்கலாம். அது நாள் தேய்மானத்தைவிட நேர்மையான அளவு. டேட்டா கிடைப்பதுதான் கடினம்.

பயிற்சியாளர் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. 2022-23இன் மோசமான முதல் பாதியிலும், எட்டு வெற்றிகளிலும், அடுத்த சீசனின் பலவீனமான தொடக்கத்திலும் இருந்தவர் ஒரே ஆள்தான், சைமன் கிரேசன். 2023 டிசம்பரில்தான் அவர் விலகினார். நீங்கள் காட்டிய உதாரணமே பயிற்சியாளர் மாற்றத்துக்கு வெளியே நிற்கிறது. மேலும், பயிற்சியாளரை மாற்றுவது பெரும்பாலும் தொடர் தோல்விகளுக்குப் பிறகுதான்; அந்தத் தோல்விகளில் ஒரு பகுதி அதிர்ஷ்டக் குறைவு என்பதால், யாரையும் மாற்றாமல் இருந்தாலும் முடிவுகள் சற்று மேம்பட்டிருக்கும்.

மேற்கு மாடத்து ரமேஷ்

கிரேசன் இருந்தபோதே ஆட்ட முறை மாறியது என்பதே என் வாதம். பலம் மெதுவாக மட்டுமே நகரும் என்று நீங்கள் வைத்துக்கொண்டதால்தான் நீண்ட அரை ஆயுள் வந்தது. எப்போதாவது ஒரு முறை சட்டென்று தாவும் என்று வைத்தால் விடை வேறாக வரும் அல்லவா?

அல்சூர் முருகேசன்

வரும். பெரும்பாலும் அமைதி, அபூர்வமாகத் தாவல் என்பது நியாயமான மாடல்தான். ஆனால் தாவல் நடந்த அன்றே அதைத் தொடர் வெற்றியின் அதிர்ஷ்டத்திலிருந்து பிரித்தறிய, கோல்களைவிடச் சத்தம் குறைந்த ஒன்று வேண்டும். வாய்ப்பின் தரத்தை அளக்கும் எக்ஸ்.ஜி. எண்கள் இருந்தால் அரை ஆயுளைக் கணிசமாகக் குறைக்கலாம். சத்தம் குறைந்தால் மேலே கொடுத்த சமன்பாட்டில் 2.7 சிறிதாகும், `a` பெரிதாகும். கோல்களை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் கேட்பதைச் செய்ய எனக்கு வழி தெரியவில்லை.

கோரமங்களா கதிர்

மீனாட்சி அவர்கள் சொன்னபடி `match_id` வைத்துப் பிரித்ததும் ஐந்து ஆட்ட விண்டோவின் முன்னிலை மறைந்துவிட்டது. சீசன்வாரியாக முன்னோக்கிச் சோதித்ததில் 90 நாளிலிருந்து 240 நாள் வரை எந்த அரை ஆயுளை வைத்தாலும் வித்தியாசம் திட்டப் பிழைக்குள்ளேயே அடங்குகிறது. 30 நாளுக்குக் கீழே போனால் மட்டும் தெளிவாக மோசமாகிறது. `k` சேர்த்ததன் பலன் சீசனின் முதல் சில வாரங்களில் நன்றாகத் தெரிகிறது. 180 நாள் என்று வைத்துக்கொண்டேன்.

மிச்சம் இருப்பது ஒரு சிக்கல். ஐ-லீக்கிலிருந்து 2023-24இல் வந்த பஞ்சாபுக்கும் 2024-25இல் வந்த முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கும் ஐ.எஸ்.எல். வரலாறே இல்லை. `prior=0.0` என்றால் அவை முதல் நாளே லீக்கின் சராசரி அணிகள் ஆகிவிடுகின்றன.

ஜெயநகர் மீனாட்சி

அங்கே பூஜ்ஜியம் பொருந்தாது. சராசரிக்குக் கீழே ஓர் எண் வைக்க வேண்டும். அந்த எண்ணைக் கற்றுக்கொள்ள இரண்டே அணிகள் போதாது. முந்தைய சீசனின் கடைசி மூன்று அணிகளின் சராசரியை `prior` ஆக வைத்து, புதிய அணிகளுக்கு மட்டும் `k` 3 அல்லது 4 என்று குறைத்துப் பாருங்கள். அந்தத் தொடக்க எண் நம் ஊகம் என்பதால், அவர்களுடைய சொந்த ஆட்டங்கள் அதை விரைவில் மாற்றிவிட வேண்டும்.

அல்சூர் முருகேசன்

`prior` பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். `k`ஐக் குறைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு: புதிய அணியின் ஆட்டத்திலும் சத்தம் அதே 2.7தான். ஊகம் எவ்வளவு தப்பலாம் என்பது 0.45ஐவிடப் பெரிது என்று காட்ட முடிந்தால் மட்டுமே `k` குறையும். கதிர், இரண்டையும் ஓட்டி, அந்த இரண்டு அணிகளின் முதல் பத்து ஆட்டங்களை மட்டும் தனியாக இங்கே இடுங்கள்.